நிறுத்தி வைத்த எண்

ஆவலப்பட்டியில் முத்துத்தாயிடம் அவள் மகளின் படிப்பைப் பற்றி யாரும் வாயைக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் அரை மணி நேரம் காலி. "எம் மக மதுரையில கம்ப்யூட்டரு படிக்கிறா. இன்னைக்கு வரைக்கும் ஒரு பேப்பரு விட்டதில்ல" என்று தொடங்குவாள். கேட்கிறவள் கையில் தண்ணீர்க் குடம் இருக்கிறதே என்றெல்லாம் பார்க்க மாட்டாள். குடத்தை இடுப்பு மாற்றி இடுப்பு வைத்துக்கொண்டு கேட்டவர்கள் எத்தனையோ பேர்.

திருமங்கலத்துக்கு மேற்கே, டவுன் பஸ் வந்து திரும்பிப் போகிற கடைசி ஊர் அது. கிணறு வைத்திருப்பவர்கள் கத்தரி, வெண்டை, கீரை போடுவார்கள். கிணறு இல்லாதவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். முத்துத்தாயின் புருஷன் சின்னச்சாமிக்குக் கிணறும் இருந்தது, ஒன்றே கால் ஏக்கர் தோட்டமும் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் அவளும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்து ஒரு லோடு ஆட்டோ பிடித்து, காயைத் திருமங்கலத்துக்கு ஏற்றிப் போவார்கள். விடிவதற்குள் போனால் பத்தரைக்குள் விற்றுவிட்டு, காலிக் கூடையோடு டவுன் பஸ்ஸில் திரும்பிவிடலாம்.

மகள் கனகலட்சுமியைக் கல்லூரிக்கு அனுப்புவதில் சின்னச்சாமிக்கு விருப்பம் இல்லை. கெட்ட மனுஷன் அல்ல, பயந்த மனுஷன். அவருடைய அண்ணன் மகன் அருள்பாண்டியை விடுதியில் போட்டுப் படிக்க வைத்து, அவன் எட்டுப் பேப்பர் அரியர் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, அந்த வீடு மூன்று வருஷம் ஊரில் தலை நிமிராமல் கிடந்ததை அவர் பார்த்திருந்தார். மகளின் படிப்பைப் பற்றிப் பேச அண்ணன் தம்பிகள் எல்லாரும் கூடியிருந்தபோது முத்துத்தாய்தான் நடுவீட்டில் நின்று சொன்னாள்.

"எம் மக ஒரு பேப்பரு விட்டாலும் நானே போயி கையப் புடிச்சுக் கூட்டியாந்துர்றேன். இது எம் பேச்சு."

"பேசுறது நீ. நாளைக்கு ஊரு கேக்குறது என்னைய" என்றார் சின்னச்சாமி.

"கேட்டா எம் பொண்டாட்டி சொன்னான்னு சொல்லுங்க. நான் உங்கட்ட என்னைக்காவது பொய் சொல்லியிருக்கனா?"

சொன்னதில்லை. அது அவருக்கும் தெரியும், அண்ணன் தம்பிகளுக்கும் தெரியும். அந்த ஒரு வார்த்தையில்தான் கனகலட்சுமி பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தாள்.

முதல் செமஸ்டர் எல்லாம் பாஸ். இரண்டாவதில் கணக்கு போயிற்று. முப்பத்தொன்று. விடுதிக் குளியலறையில் அழுது முடித்து, சனிக்கிழமை ஊருக்கு வந்து இறங்கியவள், வாசலில் நின்ற அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வாய் தன்னால் "எல்லாம் பாஸும்மா" என்றது. முத்துத்தாய் ஒரு நொடி மகளையே பார்த்துவிட்டு, "பெறகென்ன, உள்ள வா, வெயிலு" என்றாள். அன்றைக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். குழம்புச் சட்டி இறங்குவதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

மூன்றாவது செமஸ்டரில் புள்ளியியல் போனது. நான்காவதில் எண்முறைக் கணிதம். ஒவ்வொரு தடவையும் அதே வாசல், அதே பொய், அதே கோழிக்குழம்பு. முதல் இரண்டையும் எப்படியோ திரும்ப எழுதி முடித்துவிட்டாள். எண்முறைக் கணிதம் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. அம்மாவின் பெருமைப் பேச்சு கேட்கக் கேட்க அவளுக்குக் கூச்சம் போய் எரிச்சல் வந்தது. இப்படியா ஒருத்தி சொன்னதையெல்லாம் நம்புவாள் என்று நினைத்தாள். கூடப் படித்த ஒருத்தியிடம் "எங்கம்மாக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, நான் என்ன சொன்னாலும் தலையாட்டும்" என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். பிற்பாடு அந்த வாக்கியம்தான் அவளை அதிகம் அறுத்தது.

இரண்டாயிரத்து ஐந்து ஏப்ரலில் கடைசிப் பரீட்சை முடிந்தது. ஆறாவது செமஸ்டரோடு அந்த அரியரையும் மூன்றாம் தடவையாக எழுதியிருந்தாள். அது பாஸானால் டிகிரி. மேற்கொண்டு எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வில் இடம் கிடைத்திருந்தது. போயிற்றென்றால் டிகிரியும் இல்லை, எம்.சி.ஏ.வும் இல்லை, இரண்டு வருஷப் பொய்யும் அப்பாவுக்கு முன்னால் ஒரே நாளில் விழும். அவள் விழுந்தால் பரவாயில்லை, அம்மா அல்லவா வார்த்தை கொடுத்திருந்தாள்.

மே மாதம் கல்லூரியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கோடை கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தது. பாடம் எடுக்க ஐந்தாறு மாணவிகளை வைத்துக்கொண்டார்கள், விடுதியும் திறந்திருந்தது. கனகலட்சுமி அதில் ஒருத்தி. கத்திரி வெயிலில் லேப் ஃபேன்கள் சூட்டைத்தான் சுற்றி அடித்தன. வகுப்பு நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவள் கல்லூரி ரிசல்ட் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கத்தில் பதிவெண்ணுக்கு ஒரு கட்டம். அதன் கீழே, பார்ப்பவர் மாணவரா பெற்றோரா என்று கேட்டு இரண்டு வட்டம். மாணவர் என்ற வட்டத்தைத் தொட்டுப் பொத்தானை அழுத்தினால் 'ரிசல்ட்ஸ் நாட் பப்ளிஷ்டு' என்று வரும். எப்போது வெளியிடுவார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை அழுத்தி விரல் நொந்த பிறகுதான், மூன்று வருஷம் படித்தது இதற்குக்கூட உதவாதா என்று அவளுக்குத் தோன்றியது.

லேப்பின் கடைசி வரிசையில் இரண்டு கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டிருந்தார்கள். அதில் டபிள்யூ கெட் என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு முகவரியைக் கொடுத்தால், உலாவியைத் திறக்காமலேயே அந்தப் பக்கத்தை இழுத்து வந்து கோப்பாக வைத்துவிடும். ரிசல்ட் பக்கத்தில் பொத்தானை அழுத்தியதும் மேலே முகவரிப் பட்டையில் அவளுடைய எண்ணும், மாணவர் என்பதற்கான 'எஸ்' என்ற எழுத்தும் கேள்விக்குறிக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்வதை அவள் கவனித்திருந்தாள். அப்படியானால் அந்த முழு முகவரியை டபிள்யூ கெட்டிடம் கொடுத்தால் போதும், பொத்தானே வேண்டாம்.

பத்தே வரியில் நிரல் எழுதினாள். பக்கத்தை இழு, போன தடவை இழுத்ததோடு ஒப்பிடு, வேறாக இருந்தால் பீப் சத்தம் கொடு, இல்லையென்றால் கொஞ்ச நேரம் தூங்கிவிட்டு மறுபடி இழு. ஓடவிட்டாள். உடனே பீப் அடித்தது. எழுந்து பார்த்தால் பழைய பக்கமேதான். மறுபடி பீப். மறுபடி அதே பக்கம். இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பக்கத்தின் அடியில் இப்போதைய மணி, நிமிஷம், நொடி அச்சாகியிருந்தது. நொடிக்கு நொடி பக்கம் மாறத்தான் செய்யும், கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை. முழுப் பக்கத்தை ஒப்பிடுவதை விட்டுவிட்டு, 'நாட் பப்ளிஷ்டு' என்ற சொல் உள்ளே இருக்கிறதா என்று மட்டும் தேடச் சொன்னாள். இருக்கும்வரை பேசாமல் இரு, அந்தச் சொல் காணாமல் போனால் பீப் அடித்துவிட்டு நில். இப்போது சரியாக இருந்தது.

சோதித்துப் பார்க்கும்போது பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை என்று வைத்தால் காத்திருந்தே பொழுது போய்விடும் என்று, தூங்கும் நேரத்தை ஐந்து நொடி என்று வைத்திருந்தாள். முடிந்ததும் அறுநூறு என்று மாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி, லேப்பைப் பூட்ட வாட்ச்மேன் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார். திரையைப் பூட்டி, 'ஆஃப் செய்ய வேண்டாம்' என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டு ஓடினாள். ஐந்து ஐந்தாகவே இருந்துவிட்டது. எத்தனை தடவை கேட்டோம் என்று அந்த நிரல் திரையில் காட்டவும் இல்லை. சத்தமில்லாமல் வேலை செய்யட்டும் என்று அவள்தான் அப்படி எழுதியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிஷம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையில் பீப் அடித்தது. பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். நிரல் வேலையை முடித்து நின்றிருந்தது. இழுத்து வைத்த கோப்பைத் திறந்தாள். அவள் பெயர் இருந்தது, எண் இருந்தது. மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே வரி: 'ரிசல்ட் வித்ஹெல்டு. தேர்வு அலுவலகத்தை அணுகவும்.'

முடிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லும் அந்தச் சொல்லுக்கு அந்த ஊர்க் கல்லூரிகளில் ஒரே அர்த்தம்தான். காப்பி அடித்து மாட்டியவர்களுக்குத்தான் அது வரும். விசாரணை, கடிதம், வீட்டாரைக் கூட்டி வா. கனகலட்சுமி வாழ்க்கையில் ஒரு பிட்டுக் காகிதம் தொட்டதில்லை. வகுப்பை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுத் தேர்வு அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிறவர் ராஜகுரு. ஐம்பது வயது, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். மார்க் ஷீட் கேட்டு நின்ற கூட்டத்தை அனுப்பி முடித்து அவளைக் கூப்பிடுவதற்குள் பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது. எண்ணைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடி ஆத்தீ, நீதானா அது? உன்னையத்தாம்மா காலையிலருந்து தேடிக்கிட்டு இருக்கேன்."

"சார், நான் காப்பி அடிக்கல சார். சத்தியமா..."

"காப்பியா? அதெல்லாம் யாரு சொன்னா? நீ என்ன செஞ்சன்னு நான் காட்டுறேன், வா இங்க."

திரையை அவள் பக்கம் திருப்பினார். எந்த எண்ணை யார் எப்போது கேட்டாலும் ஒரு வரி எழுதி வைக்கும் கோப்பு அது. தேதி, நேரம், கேட்ட கம்ப்யூட்டரின் முகவரி, பதிவெண், மாணவர் என்றால் எஸ், பெற்றோர் என்றால் பி. அவர் உருட்ட உருட்ட ஒரே எண் ஓடியது. எல்லாம் அவளுடையது, எல்லாம் எஸ், ஐந்து நொடித் தூக்கமும் பக்கத்தை இழுக்க ஒரு நொடியுமாக ஆறு நொடிக்கு ஒன்று.

"அம்பத்து மூவாயிரம் வரி. நாலு நாளுல. சர்வர்ல நமக்கு வாடகைக்குக் குடுத்துருக்க இடமே இருபது எம்பி. உன் புண்ணியத்துல அம்புட்டும் ரொம்பிப்போச்சு. காலையில ரிசல்ட்டு ஏத்தப் போறேன், பாதியில நிக்குது, எடமில்லன்னு சொல்லுது. எனக்கு வேர்த்து ஊத்திருச்சு. பழைய ரிசல்ட்டெல்லாம் அழிச்சு எடம் பண்ணித்தான் ஏத்துனேன்."

"அறுநூறுன்னு மாத்தணும்னு இருந்தேன் சார். மறந்துட்டேன்."

"மறந்துட்ட. நான் எவனோ வெளியில இருந்து வெளாடுறான்னு நெனச்சேன். ஒரு நம்பர மட்டும் நிறுத்தணும்னா இந்த புரோகிராம்ல ஒரே வழிதான். வித்ஹெல்டு பட்டியல்ல போடணும். போட்டேன். வேற ஒண்ணுமில்ல, பயப்படாத."

அவள் எண்ணை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார். மறுபடி பக்கத்தைத் திறந்தார். எண்முறைக் கணிதம், ஐம்பத்து மூன்று, பாஸ். ஆறாவது செமஸ்டர் எல்லாமே பாஸ். சுவரில் மணி பதினொன்று ஐம்பத்தைந்து. கனகலட்சுமிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ராஜகுரு ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்தார்.

"ஒம் மேல தப்புச் சொல்ல முடியாதும்மா. உங்க வீட்லயே பார்க்குற பழக்கம் ஜாஸ்தி போல. உங்கப்பாவா?"

"என்ன சார்?"

"பி-ன்னு விழுந்துருக்கே. உன் கூத்த கண்டுபிடிக்கணும்னு உன் நம்பர மட்டும் பிரிச்சு எடுத்தேன். ரெண்டாயிரத்து ரெண்டுலருந்தே பேரண்ட்டு பாத்துருக்காக. நானும் இருபது வருசமா இங்க இருக்கேன், இம்புட்டு அக்கறையா பாக்குற பேரண்ட்ட பார்த்ததில்ல."

நாற்பத்தேழு வரி. கனகலட்சுமி ஒவ்வொன்றாகப் படித்தாள். முதல் வரி முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று. அப்புறம் இரண்டாவது செமஸ்டர், மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. அரியர் எழுதிய ஒவ்வொரு தடவையும். எல்லாமே காலை பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவில். தேதிகளுக்குக் கிழமை போட்டுப் பார்க்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. செவ்வாய், வெள்ளி, வெள்ளி, செவ்வாய். வேறு கிழமையே இல்லை.

அப்பா செவ்வாய் வெள்ளிகளில் தோட்டத்தை விட்டு நகர மாட்டார்.

முதல் வருஷம், சாமி படத்துக்கு அடியில் வைக்க வேண்டும் என்று அம்மா ஹால் டிக்கெட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கேட்டது ஞாபகம் வந்தது. எண் மூன்று வருஷத்துக்கும் ஒன்றுதான். இரண்டாவது செமஸ்டர் வரியைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை. அவள் வாசலில் நின்று "எல்லாம் பாஸும்மா" என்றது மறுநாள் சனிக்கிழமை. கணக்கில் முப்பத்தொன்று என்று தெரிந்துகொண்டுதான் அந்தக் கோழியை அடித்திருக்கிறாள். தெரிந்துகொண்டுதான் தெருவெல்லாம் போய்ச் சொல்லியிருக்கிறாள். மகளைப் புருஷன் திரும்பக் கூட்டி வந்துவிடக் கூடாதே என்று, வாழ்நாளில் பொய் சொல்லாதவள், இரண்டு வருஷம் ஊர் முழுக்கப் பொய்யாகவே பேசிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

கடைசி வரி இன்றைய தேதி. பதினொன்று மணி நான்கு நிமிஷம். பி.

"சார், பதினொண்ணு நாலுக்குப் பார்த்தா என்ன வந்திருக்கும்?"

"நான் இப்பத்தானம்மா எடுத்தேன். வித்ஹெல்டுன்னுதான் வந்திருக்கும்."

கனகலட்சுமி வாசலுக்கு ஓடினாள். கல்லூரி கேட்டுக்கு எதிரே ஒரு ரூபாய் போன் இருந்தது. வீட்டில் போன் கிடையாது. பஸ் நிற்கும் இடத்தில் இருக்கும் சின்னானின் பலசரக்குக் கடைக்குத்தான் அழைக்க வேண்டும். சின்னானே எடுத்தார்.

"அண்ணே, கனகலட்சுமி பேசுறேண்ணே. எங்கம்மா வந்துருச்சா?"

"இப்பத்தான் தாயி பஸ்ஸ விட்டு எறங்குச்சு. கூடையக்கூட இங்கனயே போட்டுட்டு, அழுதுகிட்டே தோட்டத்துப் பக்கம் விறுவிறுன்னு போகுது. என்னாத்தா ஆச்சு? ஓடிப்போயி கூப்புடவா? கூப்புடு தூரத்துலதான் இருக்கு."

அந்த நேரத்தில் கடையில் ஆள் நிற்பது போனில் கேட்டது. யாரோ "என்னவாம்?" என்று கேட்டார்கள். 'பாஸாயிட்டேன்னு சொல்லுங்க' என்றால், எந்தப் பேப்பர் என்று கேட்பார்கள். ஒரு பேப்பர்கூட விடாதவள் இத்தனை பதறிக்கொண்டு எதைப் பாஸாக வேண்டும்? அம்மாவைக் கூப்பிட்டால் அம்மா அத்தனை பேர் முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு அழுவாள். இரண்டு வருஷமாகக் காத்த பொய், அந்த ஒரு நொடியில்கூட அவள் வாயைப் பொத்தியது.

"வேண்டாம்ணே. நானே வாரேன். ஒண்ணுமில்லண்ணே" என்று வைத்துவிட்டாள்.

பெரியார் பேருந்து நிலையம் போய், திருமங்கலம் பஸ் பிடித்து, அங்கே டவுன் பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் நின்று, அவள் ஆவலப்பட்டியில் இறங்கும்போது மூன்றரை. தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. பஸ் நிறுத்தத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கல்யாண வீட்டுக்குப் போடும் வெள்ளைச் சட்டை. நாலடி தள்ளி அம்மா, கண் வீங்கி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. அம்மா தோட்டத்துக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். அதே பஸ்ஸில் ஏறி மதுரைக்குப் போகத்தான் நின்றிருந்தார்கள்.

"அப்பா, பாஸாயிட்டேன்பா. அது தப்பா வந்ததுப்பா. இந்தாங்க."

சின்னச்சாமி தாளை வாங்கினார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, எண்கள் தெரியும். விரலை வைத்துக்கொண்டு மெதுவாகப் பார்த்தார். பஸ் திரும்பி, ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று. அவர் ஏறவில்லை.

"காப்பி அடிச்சன்னு சொல்லலியே?"

"இல்லப்பா. நான் அடிக்கலப்பா."

"காலேஜ விட்டு நிப்பாட்டிறலியே?"

"இல்லப்பா. டிகிரி முடிஞ்சுருச்சு."

"நல்லது தாயி." தாளை மடித்து அவளிடமே கொடுத்தார். "நீ சின்னப்புள்ள. பயந்து சொல்லிட்ட. ஒன்னைய நான் ஒண்ணும் சொல்லல. சாப்ட்டியா?"

பிறகுதான் மனைவி பக்கம் திரும்பினார். கோபத்தில் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாவகாசமாகக் கேட்டார்.

"ஒனக்கு ரெண்டு வருசமாத் தெரியும்."

முத்துத்தாய் தலையை ஆட்டினாள்.

"எங்கண்ணன் வீட்டுல, பொங்கலன்னைக்கு, அருள்பாண்டிய வச்சுக்கிட்டே சொன்னேன். எம் பொண்டாட்டி பொய் பேச மாட்டா, எம் மக ஒரு பேப்பரு விடலன்னு. அந்தப் பய தலையக் குனிஞ்சுக்கிட்டு எந்திருச்சுப் போனான். நீ பக்கத்துல நின்னு சோறு வச்சுக்கிட்டு இருந்த."

"நான் என்ன செய்ய? ஒங்ககிட்ட சொல்லியிருந்தா கூட்டியாந்துருப்பீக."

"கூட்டியாந்துருப்பேன். இல்ல, கூட்டியாராமலும் இருந்துருப்பேன். அத நீ எனக்கு விட்டுருக்கணும்ல."

அவர் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனார். அருள்பாண்டியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "நான் சொன்னது பொய்யிடா தம்பி. எம் மகளும் மூணு பேப்பரு விட்டுத்தான் பாஸாயிருக்கா. மனசுல வச்சுக்காத" என்று சொல்லிவிட்டு வந்தாராம். அவன் இப்போது அவனியாபுரத்தில் ஒரு பட்டறையில் வேலையில் இருந்தான், அன்றைக்கு லீவுக்கு வந்திருந்தான். எழுந்து போய்ச் சித்தப்பாவுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தானாம். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அன்றையிலிருந்து சின்னச்சாமி மனைவியோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். சண்டை இல்லை, அடி இல்லை. வேலைக்கு வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வார். சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டு, தட்டைத் தானே கழுவி வைப்பார். இருபத்து மூன்று வருஷம் அவள் கையால் வாங்கிச் சாப்பிட்ட மனுஷன் தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் முத்துத்தாய் அடுப்படியை விட்டு வெளியே போய்விடுவாள். பெருமைப் பேச்சும் நின்றுபோயிற்று. குடத்தோடு வருகிறவர்கள் இப்போது தாங்களாகவே நின்று பார்த்தார்கள். அவள் அவர்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தாள்.

கனகலட்சுமி எம்.சி.ஏ. சேரப் போவதற்கு முந்திய திங்கட்கிழமை. மறுநாள் சந்தைக்குக் கீரை கட்டிக்கொண்டிருந்தார்கள். கிணற்றடியில் வெயில் தாழ்ந்திருந்தது. பிடி பிடியாக எடுத்து, வேரை உதறி, வாழைநாரால் முத்துத்தாய் கட்டுவாள். மகள் ஈரச் சாக்கில் அடுக்குவாள்.

"ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?" என்றாள் கனகலட்சுமி.

"என்னத்த கேக்க?"

"தெரிஞ்சுதான இருந்துச்சு. பொய் சொல்றியேடின்னு ஒரு அறை விட்டுருக்கலாம்ல."

முத்துத்தாய் நாரைப் பல்லால் கிழித்தாள். "மொத வருசம் ஆசைக்குத்தான் திருமங்கலத்துல இருக்க நெட்டு சென்டருக்குப் போயிப் பாத்தேன். நீ வர்றதுக்கு முந்தி தெரிஞ்சுக்கிட்டு, பலகாரம் செஞ்சு வைக்கணும்னு. ரெண்டாந்தடவ அந்த சென்டர்க்காரரு, ஒண்ணு போயிருச்சுக்கான்னாரு. எனக்கு அந்த எடத்துலயே ஒக்காந்துரலாம்போல இருந்துச்சு. மறுநாளு நீ வந்து பாஸுங்குற. நான் கேட்டேன்னு வையி, எனக்குத் தெரியும்னு ஒனக்குத் தெரிஞ்சுபோகும். பெறகு ஒனக்கு வீட்டுக்கு வர்றதுக்கே மொகம் இருக்காது. வராம இருந்துருவ."

"நான் உன்னைய ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சேம்மா."

"தெரியாதவளா இருக்குறதுதான அப்ப வேலை."

சொல்லிவிடுவோம் என்று கனகலட்சுமிக்கு அப்போது தோன்றியது. சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்தாள், அவளுடைய பாரம். கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். ரிசல்ட் பக்கத்தைப் பார்ப்பதற்கென்று தான் ஒரு வேலைக்காரனை ஏற்பாடு செய்ததுபோலக் கம்ப்யூட்டரில் எழுதி வைத்தது, பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்க வேண்டியது ஐந்து நொடிக்கு ஒருதரம் கேட்டது, மாற்ற மறந்தது, இடம் ரொம்பி அலுவலகத்தில் கோபப்பட்டு அவள் எண்ணை மட்டும் நிறுத்தி வைத்தது, தான் போய் நின்றதும் எடுத்துவிட்டது. சின்னான் கடைக்குப் போன் போட்டதை மட்டும் சொல்லவில்லை. அதற்கு அவளுக்குத் தைரியம் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

முத்துத்தாய் கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கையிலிருந்த பிடியை மடியில் வைத்தாள்.

"அப்ப நான் பாத்த நேரம், நீ உள்ள பாஸாத்தான் இருந்திருக்க."

"ஆமாம்மா."

"விசாரணை அது இதெல்லாம் இல்ல."

"ஒண்ணும் இல்லம்மா."

"எம்புட்டு நேரங்கழிச்சு அத எடுத்தாக?"

பொய் சொல்லியிருக்கலாம். மறுநாள்தான் எடுத்தார்கள் என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் இனி இவளிடம் பொய் சொல்வதில்லை என்று கனகலட்சுமி நினைத்திருந்தாள்.

"முக்கா மணி நேரம். அம்பது நிமிசம்."

முத்துத்தாய் தலையைத் தூக்கித் தோட்டத்துப் பக்கம் பார்த்தாள். வரப்பில் சின்னச்சாமி மடை திருப்பிக்கொண்டிருப்பது தெரிந்தது. அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அந்த சென்டர்க்காரரு சொன்னாரு" என்றாள் கடைசியில். "சில நேரம் தப்பாக் காட்டும்க்கா, டீ குடிச்சிட்டு வாங்க, ஒரு மணி நேரங்கழிச்சு இன்னொருக்காப் பாப்பம்னாரு. எனக்குத்தான் இருப்புக் கொள்ளல. வெளிய வந்தா பஸ்ஸு எடுத்துட்டான். கையக் காட்டிக்கிட்டே ஓடினேன். நிப்பாட்ட மாட்டேன்னுட்டான். விடாம ஓடிப்போயி, கம்பியப் புடிச்சு ஏறினேன்மா."